வேலையை விட்டு, சொந்தமாகத் தொடங்குகிறேன்

கடந்த வெள்ளிக்கிழமையோடு வேலையிலிருந்து விடைபெற்றேன். இந்தத் திங்கள் முதல் நானும் என் கல்லூரித் தோழியும் சேர்ந்து, சிறிய மருத்துவமனைகளிலும் மருந்துக்கடைகளிலும் இருக்கும் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் கருவியை முழுநேரமாக உருவாக்குகிறோம். அவள் கருவிப் பக்கம், நான் மென்பொருள் பக்கம்.

ஏன் இது என்று பலர் கேட்டீர்கள். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். சூடானால் கெட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பதுதான் அவ்வளவாகக் கவனத்துக்கு வருவதில்லை. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்ற தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை உறைந்துவிட்டால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மருந்தின் வீரியம் குறையும். உருகிய பிறகு மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாமல் போகலாம். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் நிறம் மாறும் வில்லை வெப்பத்தைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. இன்சுலினும் அப்படித்தான், உறைந்தால் பயன்படுத்தக் கூடாது.

பல சிறிய இடங்களில் காலையும் மாலையும் ஒருவர் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். பொறுப்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் நடு இரவில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் அது எந்த நோட்டிலும் ஏறாது. பெரிய கிடங்குகளில் இதற்குக் கருவிகள் எப்போதோ வந்துவிட்டன. ஒரே ஒரு குளிர்பெட்டி வைத்திருக்கும் செவிலியருக்கு ஏற்ற மாதிரி, அவரே மாட்டிக்கொள்ளக்கூடிய ஒன்றைத்தான் நாங்கள் செய்கிறோம்.

சரி, இனி நன்றி. குளிரூட்டப்பட்ட சரக்கு வண்டிகளைக் கண்காணிக்கும் குழுவில் நான் வேலை பார்த்தேன். இன்று தைரியமாக இறங்குகிறேன் என்றால், அந்தக் குழுவில் கற்றதுதான் காரணம்.

சோதனைப் பிரிவில் இருந்த அக்கா எந்த வடிவமைப்பைக் காட்டினாலும் முதலில் கேட்பது, “நெட் இல்லன்னா இது என்ன பண்ணும்?” அதனால்தான் எங்கள் புதிய கருவி இணைப்பு இல்லாதபோதும் அளவுகளைத் தன்னுள்ளேயே சேமித்து வைக்கிறது. அக்கா, அது உங்கள் கேள்விக்கான பதில்.

வாடிக்கையாளர் உதவிக் குழுவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கதவு திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கை அடித்தால், ஓட்டுநர்கள் ஒலியையே அணைத்துவிடுவார்கள் என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். ஒவ்வொரு அழைப்பையும் பொறுமையாகக் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்தீர்கள். எங்கள் உணரியை வெறும் காற்றில் தொங்கவிடாமல் கிளைகோல் என்ற திரவம் நிரப்பிய சிறு புட்டியில் வைக்க முடிவெடுத்தபோது அந்தக் குறிப்புகள்தான் மனதில் இருந்தன. அதுவும் மருந்தைப் போலவே மெதுவாகத்தான் சூடாகும், ஒரு நிமிடம் கதவு திறந்ததற்கெல்லாம் அலறாது.

என் மேலாளர், நான் விலகப்போவதைச் சொன்னதும் முதலில் கேட்டது “எத்தனை மாதத்துக்குக் கையில் பணம் இருக்கு?” என்பதுதான். அப்புறம் என்னோடு உட்கார்ந்து செலவுக் கணக்கை வரிவரியாகப் பார்த்தார். தன் குழுவிலிருந்து ஒருவர் போகும் நேரத்தில் அப்படிச் செய்ய எல்லோருக்கும் மனம் வராது. அந்த மாலையை நான் மறக்க மாட்டேன், சார்.

என் பொறுப்புகளை ஏற்றுக்கொண்ட தம்பிக்கும் தங்கைக்கும்: நீங்கள் ஒப்படைப்புக் குறிப்புகளில் கேட்ட கேள்விகளைப் பார்த்தபோதே நிம்மதியாகிவிட்டது. சந்தேகம் வந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய நிறுவனத்தின் நிரலோ வாடிக்கையாளர் பட்டியலோ எங்களிடம் இல்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுதுகிறோம். அங்கிருந்து யாரையும் அழைத்துக்கொண்டு வரும் எண்ணமும் இல்லை. அந்தக் குழு நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இப்போது எங்களுக்கு இரண்டு உதவிகள் தேவை. முதலாவது, எங்கள் முதல் கருவிகளை வைத்துப் பார்த்து, பிடிக்காததை நேராகச் சொல்லக்கூடிய சிறிய மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும். சோதனைக் காலத்தில் கட்டணம் கிடையாது. உங்கள் நோட்டுப் பதிவை மட்டும் நிறுத்தாமல் தொடருங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது, பேட்டரியில் நீண்ட காலம் ஓடும் கருவிகளுக்கு ஃபர்ம்வேர் எழுதிப் பழகியவர் ஒருவர். சம்பளம் இப்போதைக்குப் பெரிதாக இருக்காது, நிறுவனத்தில் பங்கு உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், இந்தப் பதிவை அவருக்கு அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு செய்தி போடுங்கள், இந்த வாரமே பேசிவிடுகிறேன்.