முதல் மஃப்ளர்: கைவினை மன்ற ஆசிரியருக்கான வழிக்குறிப்பு

தேன்கனிக்கோட்டைப் பள்ளியில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள 16 பிள்ளைகளுக்கு, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம். ஆகஸ்ட் முதல் வாரம் உல்லன் பின்னும் ஊசியைக் கையில் கொடுத்தால், காலாண்டுத் தேர்வுக்கும் தீபாவளிக்கும் விடுமுறை விட்டாலும், மார்கழிப் பனி இறங்குவதற்குள் ஒவ்வொரு கழுத்திலும் ஒரு மஃப்ளர் இருக்கும்.

வாங்க வேண்டியவை

ஒரு பிள்ளைக்கு 5 மி.மீ. ஊசி ஒரு ஜோடி, நடுத்தரத் தடிமனில் அக்ரிலிக் உல்லன் நூல் 100 கிராம். பழைய எண் கணக்கில் இந்த ஊசி 6-ஆம் நம்பர். அந்தக் கணக்கில் எண் கூடக் கூட ஊசி மெலியும், எனவே 10-ஆம் நம்பரைத் தடித்த ஊசி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். மூங்கில் ஊசி கிடைத்தால் அதுவே நல்லது. எவர்சில்வர் ஊசியில் கண்ணிகள், அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும்.

நூல் வெளிர் நிறமாகவும், புசுபுசு ரோமம் இல்லாமலும் இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி எங்கே இருக்கிறது என்று பெரியவர்களுக்கே தெரியாது. உங்கள் பெட்டியில் ஒரு குரோஷா ஊசி, மொட்டை முனையுள்ள தடித்த ஊசி ஒன்று, பத்துப் பதினைந்து சேஃப்டி பின், கத்தரிக்கோல், அங்குல டேப்.

அளவு

20 கண்ணி. அகலம் சுமார் 11 செ.மீ. வரும். இரண்டு வரிசை பின்னினால் துணியில் ஒரு மேடு எழும். பிள்ளைகளிடம் அதை ‘வரப்பு’ என்றே சொல்லுங்கள். கேழ்வரகுக் கொல்லையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். ஏறத்தாழ 160 வரப்புக்கு 90 செ.மீ. நீளம். முதல் இரண்டு வாரம் பயிற்சித் துண்டு, பிறகு வகுப்பில் 8 வரப்பு, வீட்டில் 8 வரப்பு என்று போனால் பத்து வாரம்.

கண்ணி ஏற்றுவது உங்கள் வேலை

முதல் நாளே பிள்ளைகளைக் கண்ணி ஏற்றச் சொன்னால் பாதிப் பேர் சோர்ந்துவிடுவார்கள். வகுப்புக்கு முன்பே 20 கண்ணி ஏற்றி, நான்கு வரிசை பின்னிக் கொடுங்கள். ஏற்றும்போது இரண்டு ஊசியையும் சேர்த்துப் பிடித்து ஏற்றிவிட்டு ஒன்றை உருவினால், விளிம்பு இறுகாது. கண்ணி ஏற்றுவதை, பின்னல் கைக்கு வந்த பிறகு, நாலாவது ஐந்தாவது வாரத்தில் மீதி நூலில் கற்றுக்கொடுக்கலாம்.

நான்கு அசைவு

பின்னல் முழுக்க ஒரே கண்ணிதான், முன்னும் பின்னும் அதே. உரக்கச் சொல்லிக்கொண்டே செய்யட்டும்: நுழை, சுற்று, இழு, இறக்கு.

நுழை: கண்ணிகள் உள்ள ஊசி இடது கையில். வலது ஊசியின் முனை, முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் போகும். இரண்டு ஊசியும் பெருக்கல் குறி மாதிரி நிற்கும், வலது ஊசி பின்னால்.

சுற்று: நூல் எப்போதும் துணிக்குப் பின்பக்கம். வலது ஊசிக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து, இரண்டு ஊசிக்கும் நடுவே முன்னால் இறக்கு.

இழு: சுற்றிய நூலோடு வலது ஊசி முனையைப் பழைய கண்ணி வழியாக முன்னால் கொண்டுவா. அவசரப்பட்டால் நூல் நழுவுவது இங்கேதான். ஆள்காட்டி விரலால் நூலை இலேசாகப் பிடித்திருக்கச் சொல்லுங்கள்.

இறக்கு: பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து விடு. ஒன்றை மட்டும்.

வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றி, மறுபடி அதே நாலு சொல். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளையை உங்கள் எதிரில் உட்காரவையுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே செய்து பழகிவிடும்.

ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள்

இந்தக் குறிப்பில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். “கண்ணு, இருபது இருக்கா?” தவறு நடந்த வரிசையிலேயே தெரிந்தால் பத்துக் கண்ணியைப் பிரித்தால் போதும். பத்து வரப்பு தாண்டித் தெரிந்தால் பிள்ளை அழும்.

21, 22 என்று கூடினால் முதலில் ஓரத்தைப் பாருங்கள். வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலே ஏறிப் பின்னால் போயிருந்தால், முதல் கண்ணி மேலே இழுபட்டு இரண்டு கண்ணி மாதிரி தெரியும். பிள்ளை இரண்டையும் பின்னிவிடும். நூலைக் கீழே தொங்கவிட்டு, ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஓரம் சரியாக இருந்து நடுவில் ஓட்டை தெரிந்தால், நூல் முன்பக்கம் வந்து நின்று, ஊசிமேல் சும்மா ஒரு சுற்று விழுந்திருக்கிறது. அடுத்த வரிசையில் அந்தச் சுற்றைப் பின்னாமல் இறக்கிவிட்டால் போதும். மெல்லிய அக்ரிலிக்கில் இழை பிரிந்து, ஒரு கண்ணி இரண்டாக எண்ணப்படுவதும் உண்டு.

குறைந்தால் ஒரு கண்ணி நழுவியிருக்கும், அல்லது இரண்டைச் சேர்த்துப் பின்னியிருக்கும். நழுவியதைக் கண்டதும் சேஃப்டி பின்னில் கோத்துவிட்டு உங்களிடம் கொண்டுவரட்டும், இழுத்துப் பார்க்க வேண்டாம். நழுவிய கண்ணிக்கு மேலே ஏணிப்படி போல நூல்கள் தெரியும். குரோஷா ஊசியால் ஒரு படியை முன்பக்கத்திலிருந்து ஏற்றுங்கள், துணியைத் திருப்பி அடுத்த படியைப் பின்பக்கத்திலிருந்து ஏற்றுங்கள். ஒரே பக்கமாக ஏற்றினால் அந்த இடத்தில் வரப்பு எழாமல் மழமழவென்று பட்டை தெரியும்.

ஊசி நுழையவே மாட்டேன் என்கிறது என்றால், பிள்ளை ஊசியின் கூர்முனையிலேயே கண்ணி போடுகிறது. ஊசியின் தடித்த பாகம்வரை கண்ணியைத் தள்ளச் சொல்லுங்கள், இறுக்கம் தானாகக் குறையும். ஒவ்வொரு கண்ணிக்கும் நூலைச் சுண்டி இழுக்கும் பழக்கத்தையும் கவனியுங்கள்.

மணி அடித்தாலும் வரிசையை முடித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். நடுவில் வைத்துவிட்டால், மறுவாரம் தப்பான பக்கம் திரும்பிப் பின்னுவார்கள், ஒரு பக்கம் மட்டும் உயரும். அப்படி வைக்க நேர்ந்தால் அடையாளம் இதுதான்: உருண்டைக்குப் போகும் நூல் எந்த ஊசியிலிருந்து வருகிறதோ, அது வலது கை ஊசி.

பத்து வரப்புக்கு ஒருமுறை ஓரத்தில் வேறு நிற நூல் ஒன்றைக் கட்டிவிட்டால் நீளத்தை எண்ணுவது சுலபம்.

நூல் முடிந்தால்

வரிசைத் தொடக்கத்தில் மட்டும் புது நூலைச் சேர்க்கவும். இரண்டு முனையிலும் 15 செ.மீ. தொங்கட்டும். நடுவில் முடிச்சுப் போட்டால் கழுத்தில் உறுத்தும்.

முடிப்பது

இரண்டு கண்ணி பின்னு. வலது ஊசியில் முதலில் வந்ததை இரண்டாவதின் தலைக்கு மேலே தூக்கி, ஊசியை விட்டுக் கீழே விடு. ஒன்று மீதி. இன்னொன்று பின்னு, மறுபடி தூக்கு. எல்லோருமே இங்கே இறுக்குவார்கள், அதனால் வலது கைக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசி கொடுங்கள். கடைசிக் கண்ணியில் நூலை 15 செ.மீ. விட்டு வெட்டி, அதற்குள் இழுத்து இறுக்கவும். தொங்கும் முனைகளை மொட்டை ஊசியால் வரப்பின் உள்ளே 5 செ.மீ. ஓட்டி, திரும்பவும் எதிர்ப்பக்கம் ஓட்டி, பிறகு வெட்டவும்.

ஊசி கையில் இருக்கும்போது யாரும் எழுந்து ஓடக் கூடாது. வகுப்பு முடிவில் ஜோடியை ரப்பர் பேண்டில் கட்டி, 16 ஜோடியும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளை முனைகளில் ரப்பர் துண்டு குத்திக்கொண்டு போகட்டும்.

வீட்டில் சொல்ல வேண்டியது: குளிர்ந்த நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்துக் காயவைக்கவும். அக்ரிலிக் சூட்டில் உருகும், இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைக்கவே கூடாது.