எங்கள் குடும்பப் படம் அனுமதியின்றி விற்பனைக்கு வைக்கப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்
கா. சுமதி,
தில்லைநகர், திருச்சி.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையப் படச் சேமிப்பு மற்றும் விற்பனைச் சேவை,
இந்தியப் பிரிவு அலுவலகம், பெங்களூரு.

நாள்: 18.06.2024

பொருள்: விற்பனைப் பகுதியில் உள்ள பட எண் 48213077ஐ நீக்கக் கோருதல், சம்மதப் படிவத்தின் நகல் கேட்டல்.

ஐயா / அம்மையீர்,

என் அப்பாவின் அறுபதாம் கல்யாணம் 2023 மே 28 அன்று திருக்கடையூரில் நடந்தது. படம் எடுக்க மயிலாடுதுறையிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரரைப் பணம் கொடுத்து அமர்த்தியிருந்தோம். அவர் தந்த படங்களை உறவினர்கள் பார்த்து இறக்கிக்கொள்ளட்டும் என்று அடுத்த வாரமே உங்கள் சேவையில் என் கணக்கில் ஏற்றினேன். 'இணைப்பு உள்ளவர்கள் மட்டும்' என்பதுதான் அந்த ஆல்பத்துக்கு நான் கொடுத்த அமைப்பு. இன்றுவரை அது மாறவில்லை.

அதில் ஒரு படம் (DSC_0412.JPG) இப்போது உங்கள் விற்பனைப் பகுதியில் வேறொருவர் கணக்கின் பெயரில் இருக்கிறது. அதை விலை கொடுத்து வாங்கிய ஒரு கடன் நிறுவனம், 'விசேஷமா? பத்தே நிமிடத்தில் தனிநபர் கடன்' என்ற வாசகத்தோடு விளம்பரம் செய்துகொண்டிருக்கிறது. கோவையில் இருக்கும் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் எங்களுக்கே தெரியவந்தது.

அப்பா கூட்டுறவு சங்கத்தில் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் வாங்கி விசேஷம் செய்யாதீர்கள் என்று சங்க உறுப்பினர்களிடம் வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். இப்போது அவரிடமே, "அந்தக் கல்யாணத்துக்கு லோன் போட்டீங்களாமே?" என்று போன் செய்து கேட்கிறார்கள். விளையாட்டாகக் கேட்பவர்களைவிட, உண்மையென்று நம்பி ஆறுதல் சொல்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

அம்மாவின் வருத்தம் வேறு. கலசாபிஷேகம் முடிந்த கையோடு எடுத்த படம் அது. சல்லடை வழியாகத் தண்ணீர் ஊற்றி, இருவரும் தலையோடு நனைந்து, துணி மாற்றப் போகும் முன் எல்லோரும் கூடி நின்றபோது எடுத்தது. ஈரப் புடவையோடு இருக்கும் படம் வீட்டாரைத் தாண்டிப் போகக்கூடாது என்று அம்மா அப்போதே சொன்னார். ஆல்பத்தைப் பொதுவில் வைக்காததற்குக் காரணமே அதுதான். அதே படம் இன்று கடன் விளம்பரமாக ஊரெல்லாம் சுற்றுகிறது. ஏழு வயதான என் மகளும் அதில் தாத்தாவின் அங்கவஸ்திர நுனியைப் பிடித்தபடி முகம் தெளிவாகத் தெரிய நிற்கிறாள்.

படம் எங்களுடையதுதானா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். யாரோ அதை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். மூலப் படத்தையும் விற்பனைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூலத்தில் அம்மாவின் முந்தானை இடது தோளில் இருக்கிறது; விற்பனைப் படத்தில் வலது தோளில். எங்கள் பக்கம் யாரும் வலது தோளில் முந்தானை போடுவதில்லை. அப்பாவின் கைக்கடிகாரமும் வலக்கைக்கு மாறியிருக்கிறது. ஓரத்தில் சல்லடை பிடித்த அத்தையின் கை மட்டும் தெரியும். அதுகூட வெட்டப்படாமல் எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறது. கேமராவில் பதிவான நாள், நேர விவரங்களோடு முழு அளவுக் கோப்பு என்னிடம் இருக்கிறது. உங்கள் தளத்தில் இருப்பது அதைச் சுருக்கிய பிரதி.

உங்கள் படிவம் வழியாக ஏற்கெனவே முறையிட்டேன். 'படம் ஏற்றும்போது எங்கள் விதிமுறைகளை ஏற்றுக்கொண்டீர்கள், அதன்படி எங்களுக்கு உரிமம் உண்டு' என்று பதில் வந்தது. அந்த விதிமுறைகளை முழுக்கப் படித்தேன். படத்தைச் சேமிக்கவும், நான் அனுமதித்தவர்களுக்குக் காட்டவும் தேவையான உரிமம்தான் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. மூன்றாம் நபர் ஒருவர் தன் பெயரில் விற்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. மேலும், விற்பனைப் பக்கத்தில் இந்தப் படத்துக்குக் கீழே 'மாடல் ரிலீஸ் உள்ளது' என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அடையாளம் தெரியும் ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் இருக்கிறது என்பதுதானே அதன் பொருள்? படத்தில் ஆறு முகங்கள் இருக்கின்றன. எங்களில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. குழந்தைக்குப் பெற்றோர் கையெழுத்திட வேண்டும்; நானும் என் கணவரும் போடவில்லை. அப்படியானால் உங்களிடம் இருப்பது யாருடைய கையெழுத்து? என் புகாரின் மையமே இந்தக் கேள்விதான். இதற்கு விதிமுறைகளைச் சுட்டும் இன்னொரு பதில் எனக்கு வேண்டாம்.

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(ஆ)-இன்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணத்துக்கு எடுத்துத் தரப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஸ்டுடியோக்காரருடன் எங்களுக்கு வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லை. பணம் கட்டிய ரசீது என் பெயரில் இருக்கிறது. படத்தை யாருக்கும் தரவில்லை என்று அவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே, அதே சட்டத்தின் பிரிவு 52(1)(இ), பதிப்புரிமை விதிகள் 2013-இன் விதி 75 ஆகியவற்றின் கீழ் இக்கடிதத்தை எழுத்துமூலப் புகாராக ஏற்று, 36 மணி நேரத்துக்குள் படத்தை நீக்க வேண்டுகிறேன். விதி கேட்கும் உறுதிமொழியையும் இங்கேயே தருகிறேன்: படத்தை ஏற்றியவர்மீது உரிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து, 21 நாட்களுக்குள் உத்தரவைத் தங்களிடம் சமர்ப்பிப்பேன். வழக்குத் தொடர அவர் யாரென்று தெரிய வேண்டும். எனவே அந்தக் கணக்கின் பதிவு விவரங்களையும் படம் ஏற்றப்பட்ட பதிவுகளையும் அழித்துவிடாதீர்கள். நீக்கிய உள்ளடக்கத்தை 180 நாட்கள் பாதுகாக்கச் சொல்லும் தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021 தங்களுக்குத் தெரிந்ததே.

நீக்குவது என்றால் விற்பனைப் பக்கத்தை மட்டும் மறைப்பதல்ல. சிறு அளவுப் பிரதிகள், தேடல் முடிவில் வரும் முன்னோட்டம், திருப்பிப் போட்ட பிரதி எல்லாமே போக வேண்டும். இதுவரை வாங்கியவர்கள் அனைவருக்கும், உரிமம் செல்லாது, பயன்பாட்டை நிறுத்துங்கள் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். கடன் நிறுவனத்துக்கு நான் எழுதியபோது, முறையாக வாங்கிய படம் என்று உங்களைத்தான் கைகாட்டினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, 'மாடல் ரிலீஸ் உள்ளது' என்பதை நம்பி வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சம்மதப் படிவத்தின் நகலும், இணைப்பு உள்ளவர்களுக்கு மட்டுமான ஆல்பத்திலிருந்து படம் எப்படி வெளியே போனது என்ற விளக்கமும் எனக்கு எழுத்தில் வேண்டும். உறவினர் யாரேனும் இறக்கிப் பகிர்ந்திருந்தால், இறக்கியவர்கள் பட்டியல் உங்கள் பதிவில் இருக்குமே, அதையும் காட்டுங்கள். அதை நாங்கள் வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம். ஆனால் சரிபார்க்காமல் விற்பனைக்கு அனுமதித்தது உங்கள் பொறுப்பு.

இந்தப் படத்தால் வந்த பணத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டாம். அது ஏற்றியவர் கைக்குப் போகாமல் நிறுத்தி வையுங்கள்.

புகார் கிடைத்ததற்கான ஒப்புகையை 24 மணி நேரத்துக்குள்ளும், முடிவை 15 நாட்களுக்குள்ளும் எதிர்பார்க்கிறேன். முடிவு திருப்தியாக இல்லாவிட்டால் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாட்களுக்குள் முறையிடுவேன். கணக்கில் பதிவு செய்துள்ள மின்னஞ்சலிலேயே பதில் அனுப்பலாம். தானியங்கிப் பதிலாக இல்லாமல், அனுப்புகிற அலுவலரின் பெயரும் பொறுப்பும் இருக்கட்டும்.

இணைப்பு: மூலக் கோப்பு, விற்பனைப் பக்கத்தின் முகவரியும் திரைப்பிடிப்பும், கடன் விளம்பரம், ஸ்டுடியோ ரசீது, ஸ்டுடியோக்காரரின் கடிதம், தங்கள் முந்தைய பதில்.

இப்படிக்கு,
கா. சுமதி
(எனக்காகவும், என் மகளின் தாய் என்ற முறையிலும்)

மேற்கண்ட புகாருக்கு எங்கள் சம்மதம் உண்டு:
சு. காசிநாதன், கா. விசாலம்