மெத்தனால் பாட்டில் லேபிள், தமிழில்

தம்பி, நீ அனுப்பிய போட்டோவில் இருப்பது 500 மி.லி. மெத்தனால், CH₃OH. நாளை மெத்தில் சாலிசிலேட் தயாரிக்கும்போது இதைத்தான் எடுக்கப்போகிறாய். அதனால் லேபிளை அப்படியே தமிழில் தருகிறேன்.

மேலே தடித்த எழுத்தில் இருப்பது டேஞ்சர்: "ஆபத்து". லேபிள்களில் வரும் எச்சரிக்கைச் சொற்கள் இரண்டுதான். தீவிரம் குறைந்த வகைகளுக்கு வார்னிங், கடுமையானவற்றுக்கு டேஞ்சர். இரண்டுக்கும் தகுதி இருந்தால் டேஞ்சர் மட்டும் அச்சாகும்.

சிவப்புச் சாய்சதுரத்துக்குள் மூன்று படங்கள்.

தீச்சுடர், H225: "எளிதில் தீப்பற்றும் திரவமும் ஆவியும்." இதன் தீப்பற்று வெப்பநிலை சுமார் 11°C. அதாவது நம் ஊர் அறைச் சூட்டிலேயே, பற்றிக்கொள்ளும் அளவு ஆவி வந்துகொண்டிருக்கும். சூடாக்க வாட்டர் பாத் வை, பக்கத்து மேசையிலும் பர்னர் எரியக் கூடாது. மெத்தனால் தீ வெளிர்நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

மண்டையோடு, H301, H311, H331: "விழுங்கினால், தோலில் பட்டால், சுவாசித்தால் நச்சு." மூன்று வழியும் உண்டு என்பதைக் கவனி. வாயால் பிப்பெட்டில் உறிஞ்சுவது கூடவே கூடாது, பல்ப் கேள். ஃபியூம் ஹுட்டுக்குள் ஊற்று. மெல்லிய நைட்ரைல் கையுறை வழியாக மெத்தனால் சீக்கிரம் ஊடுருவும். மேலே தெளித்தால் உடனே கழற்றி, கை கழுவி, வேறு போடு.

மூன்றாவது படத்தை நன்றாகப் பார்: மனித உருவம், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது மாதிரி. வகுப்பில் இதை "நாள்பட்ட பாதிப்பு" என்று சொல்லியிருப்பார்கள். பல பாட்டில்களுக்கு அது சரி, ஆனால் இங்கே பக்கத்தில் H370 இருக்கிறது: "உறுப்புகளைப் பாதிக்கும்." ஒரே தடவை உடலுக்குள் போனாலே போதும் என்று பொருள். உடல் இதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது, அது பார்வை நரம்பைத் தாக்குகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். வாசனை எத்தனாலைப் போலவே இருப்பதால் மூக்கை நம்பாதே. பார்வை மங்குவது போன்ற அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் வரலாம், "ஒன்றும் ஆகவில்லையே" என்று காத்திருக்கக் கூடாது.

கீழே உள்ள சிறிய வரிகள்:
P210: வெப்பம், தீப்பொறி, தீயிலிருந்து தள்ளி வை.
P233: மூடியை இறுக்கமாக மூடு.
P280: கையுறை, கண்ணாடி அணி.
P301+P310: விழுங்கினால் உடனே மருத்துவ உதவி. 108-ஐ அழை, "மெத்தனால்" என்ற பெயரைச் சொல்.

மீதியைச் சிங்க்கில் கொட்டாதே, கரைப்பான் கழிவு கேனில் ஊற்று. அப்புறம், கந்தக அமில பாட்டிலையும் போட்டோ எடுத்து அனுப்பு. அதில் வேறு படம் இருக்கும், இன்று இரவே எழுதித் தருகிறேன்.