ஒப்பந்தப்புள்ளி முகப்புக் கடிதம்: மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி சீரமைப்புப் பணி

அனுப்புநர்
கு. சுந்தரமூர்த்தி,
நிர்வாகப் பங்குதாரர்,
வெற்றிவேல் கட்டுமானப் பணிகள்,
சேலம்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
இராசிபுரம் நகராட்சி,
நாமக்கல் மாவட்டம்.

நாள்: 18.08.2025

ஐயா,

பொருள்: 5 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைச் சீரமைத்தல் – ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு ந.க.எண். 1846/2025/இ1, நாள் 28.07.2025.

பார்வையில் கண்ட அறிவிப்பின்படி எங்கள் ஒப்பந்தப்புள்ளியை இரு உறை முறையில் இணையவழியில் பதிவேற்றியுள்ளோம். இக்கடிதம் தொழில்நுட்ப உறையின் முதல் பக்கம். விலை பற்றிய எந்த விவரமும் இந்த உறையில் இல்லை.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் விதிகள் 2000 ஆகியவற்றுக்கும், அறிவிப்பில் உள்ள எல்லா நிபந்தனைகளுக்கும் உட்பட்டே இதைச் சமர்ப்பிக்கிறோம். மாற்று நிபந்தனை எதுவும் வைக்கவில்லை. முன்வைப்புத் தொகை ரூ.38,000 இணையவழியில் செலுத்தப்பட்டது; ரசீது பக்கம் 4இல் உள்ளது. எங்களிடம் உத்யம் பதிவு இருந்தாலும், இப்பணிக்கு விலக்கு இல்லை என்று அறிவிப்பு சொல்வதால் முழுத் தொகையையும் கட்டியிருக்கிறோம். ஒப்பந்தப்புள்ளி திறக்கும் நாளிலிருந்து 90 நாட்களுக்கு எங்கள் விலை மாறாது. ஒப்பந்ததாரர் பதிவு, ஜி.எஸ்.டி., பான், வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. சான்றுகள் பக்கம் 5 முதல் 14 வரை உள்ளன. எந்த அரசுத் துறையும் உள்ளாட்சி அமைப்பும் எங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்ததில்லை என்ற உறுதிமொழி ஆவணம் பக்கம் 15.

விலை போடுமுன் தங்கள் பணி ஆய்வாளர் முன்னிலையில் தொட்டியை ஏறிப் பார்த்தோம். தூண்களை விட, தொட்டியின் அடித்தளப் பலகையின் கீழ்முகம்தான் அதிகம் கெட்டிருக்கிறது. கிழக்குப் பக்கம் மேல்பூச்சு உதிர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. சுத்தியலால் தட்டினால், பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்திலும் பொள்ளல் ஓசை கேட்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மேலே சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் இரண்டு மழைக்குத் தாங்காது. தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே கன்னைட்டிங் செய்யப்படும். விவரக்குறிப்பும் இதையே கேட்கிறது. செலவைக் குறைக்க இதில் எந்தப் படியையும் நாங்கள் விடவில்லை.

பணிக்காலம் 120 நாட்களுக்குள் நீர்க்கசிவுச் சோதனையையும் சேர்த்தே அட்டவணை போட்டிருக்கிறோம். ஐ.எஸ். 3370 தரநிலைப்படி தொட்டியை முழுக்க நிரப்பி, கான்கிரீட் நீரை உறிஞ்ச 7 நாள் விட்டு, அடுத்த 7 நாளும் வெளிமுகம் ஈரம் காட்டாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த 14 நாளைக் கணக்கில் எடுக்காததால்தான் பல இடங்களில் கடைசியில் கால நீட்டிப்பு கேட்க நேர்கிறது. தொட்டி காலியாக இருக்கும் நாட்களில் 9, 10, 11ஆம் வார்டுகளுக்குத் தரைமட்டத் தொட்டியிலிருந்து நேரடியாக நீரேற்ற, தற்காலிக இணைப்புக் குழாயை எங்கள் பொறுப்பில் போட்டுத் தருவோம். வரைபடம் பக்கம் 31.

இதே தன்மையான பணிகளில் மூன்றின் பணிமுடிவுச் சான்றுகளை இணைத்திருக்கிறோம். அவற்றுள் இப்பணிக்கு மிக நெருக்கமானது வெண்ணந்தூர் பேரூராட்சியில் 2022-23இல் செய்த 3 லட்சம் லிட்டர் தொட்டி. மதிப்பு ரூ.24.6 லட்சம். அங்கும் தூண்கள் உறுதியாக நின்றன, தொட்டியின் அடித்தளப் பலகைதான் உதிர்ந்தது. குடிநீர் விநியோகத்தை ஒரு நாளும் முழுதாக நிறுத்தாமல் ஒப்பந்தக் காலத்துக்குள் முடித்தோம். சீரமைப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் பக்கம் 22 முதல் 26 வரை உள்ளன. நேரில் பார்க்க விரும்பினால் அழைத்துச் செல்கிறோம், இராசிபுரத்திலிருந்து பக்கம்தான். மற்ற இரண்டும் ஆட்டையாம்பட்டி, மல்லூர் பேரூராட்சிகளில் செய்த சிறிய தொட்டிகள்.

ஒப்பந்தப்புள்ளி ஆய்வின்போது விளக்கம் தேவைப்பட்டால் எங்கள் திட்டப் பொறியாளர் திருமதி ம. கவிதா, பி.இ. (சிவில்) அவர்களைத் தொடர்பு கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம். வெண்ணந்தூர் பணியைக் களத்தில் நின்று நடத்தியவர் அவர். பணி ஆணை கிடைத்தால் இங்கும் பொறுப்புப் பொறியாளர் அவரே. இக்கடிதத் தாளின் தலைப்பில் உள்ள கைப்பேசி எண்களில் இரண்டாவது அவருடையது. மின்னஞ்சல் முகவரியும் அதன் கீழே உள்ளது. எழுத்துமூலம் கேட்கப்படும் விளக்கங்களுக்கு மறு வேலை நாளுக்குள் கையொப்பமிட்ட பதில் தர அவருக்கு அதிகாரம் அளித்த கடிதம் பக்கம் 16இல் உள்ளது. விலை தொடர்பான பேச்சுவார்த்தைக்கு மட்டும் நானே நேரில் வருவேன்.

எங்கள் ஒப்பந்தப்புள்ளியைப் பரிசீலித்து ஏற்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) கு. சுந்தரமூர்த்தி
நிர்வாகப் பங்குதாரர்

இணைப்பு: தொழில்நுட்ப உறை ஆவணங்கள், பக்கம் 2 முதல் 34 வரை.

நகல்: நகராட்சிப் பொறியாளர், இராசிபுரம் நகராட்சி – தகவலுக்காக.