கீழிறங்கிய 'வ'

படம் எடுத்தது பேத்தி யாழினி. பரணைக் காலி செய்யும்போது தட்டச்சுப் பொறி கீழே வந்தது. சதாசிவம் அதை மேசையில் வைத்துத் துடைத்தார், ஒரு தாளைச் சொருகி "வணக்கம். வண்டி வந்தது." என்று அடித்துப் பார்த்தார். ரிப்பன் காய்ந்திருந்தது. ஆனாலும் எழுத்து மங்கலாக விழுந்தது. அந்தத் தாளோடு சேர்த்து யாழினி ஒரு படம் எடுத்து, பழைய பொருள் விரும்பிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டுவிட்டாள்.

"இதையெல்லாம் சேர்த்து வைக்கிறவங்க இருக்காங்க தாத்தா. யாராவது கேட்டா குடுத்துடலாமா?"

"பார்க்கலாம்" என்றார். அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் 'பார்க்கலாம்' என்று கேட்டுக்கேட்டு அவருக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு 'இல்லை' என்றுதான் பொருள்.

வந்த விசாரிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. என்ன மாடல், ஓடுகிறதா, என்ன விலை. ஒருவர் மட்டும் பொறியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தாளைத் தனியாகக் கிட்டத்தில் படம் பிடித்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். யாழினி அனுப்பினாள். பத்து நிமிடத்தில் தொலைபேசி வந்தது.

"ஐயா, என் பேர் கதிரேசன். தட்டச்சுப் பொறிகள் சேகரிக்கிறேன். இந்தப் பொறியில 'வ' மட்டும் வரியை விட்டுக் கொஞ்சம் கீழே விழும், இல்லையா?"

சதாசிவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா தம்பி. அந்த அச்சுக் கம்பி லேசா வளைஞ்சிருக்கு. மெக்கானிக் நிமிர்த்துறேன்னு பலதடவை சொன்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன். நிமிர்த்தும்போது உடைஞ்சா என்ன பண்றது?"

"'ண'வுக்கு முதல் சுழி அடைச்சிருக்கும்."

"மை. ஊசியால குத்தி எடுக்கணும், ஒரு வாரத்துல திரும்ப அடைச்சுக்கும்."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. அப்புறம், "நான் நேர்ல வந்து பார்க்கலாமா ஐயா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, தோளில் ஒரு பை. பொறியைப் பார்த்ததும் மற்றவர்களைப் போலக் கைவைக்கவில்லை. முதலில் குனிந்து, விசைகளுக்குப் பின்னால் எழுத்துக் கம்பிகள் கூடை போலக் கூடும் இடத்தை ஒரு சிறு விளக்கடித்துப் பார்த்தார். பையிலிருந்து புது ரிப்பன் எடுத்து, "மாத்தலாமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் செய்ததில் சதாசிவத்துக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று.

யாழினிக்கு ஒரு வகுப்பே நடந்தது. இத்தனை தமிழ் எழுத்துகளை இத்தனை குறைவான விசைகளில் அடக்குவதற்கு யாழ்ப்பாணத்து முத்தையா எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று கதிரேசன் ஆரம்பித்தார். சதாசிவம் குறுக்கிட்டு, "முதல்ல புள்ளியைச் சொல்லணும்" என்றார்.

"இப்பல்லாம் போன்ல 'க' போட்டு அப்புறம் புள்ளி வைக்கிறீங்க. இதுல தலைகீழ். புள்ளி விசையைத் தட்டினா கேரேஜ் நகராது. புள்ளி மட்டும் விழும். அதுக்கப்புறம் 'க'வைத் தட்டினா, அதே இடத்துல புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். எழுத்து வர்றதுக்கு முன்னாடியே அதோட தலையில புள்ளி தயாரா இருக்கும்."

"இந்தப் பொறியில தலையில இல்லை ஐயா. வலது தோள்ல."

"அதையும் கவனிச்சுட்டீங்களா?"

"மூணும் சேர்ந்து ஒரே பொறியில வர்றது அபூர்வம். 'வ' கீழே, 'ண' அடைப்பு, புள்ளி வலது பக்கம். கம்பெனி ஒரே அச்சுல வார்த்துக் குடுத்தாலும், பத்து வருஷம் ஓடினப்புறம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமாத் தேயும். கைரேகை மாதிரிதான். சரி, ஆபீஸ்ல இதை யார் யார் பயன்படுத்துவாங்க?"

"யாரும் தொட முடியாது" என்றார் சதாசிவம். அவர் குரலில் ஒரு நிமிர்வு. "சாயந்தரம் கிளம்பும்போது ரிப்பனைக் கழட்டிப் பையில போட்டுக்குவேன். துணி ரிப்பன் கிடைக்கிறதே கஷ்டம். விட்டுட்டு வந்தா காலையில காணாமப் போயிருக்கும். மூடியைப் பூட்டிச் சாவி என் இடுப்புல. லீவு போட்டா பொறிக்கும் லீவு. அதனாலதான் கழிச்சுக் கட்டின சாமான்னு ஏலம் விட்டப்ப நானே எடுத்தேன்."

எழுத்தர்களுக்கு இது ஒரு குணம். நாற்காலி அரசாங்கத்துடையது, மேசை அரசாங்கத்துடையது, பொறி மட்டும் தன்னுடையது.

கதிரேசன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் இரண்டு தாள்கள். ஒன்றை மேசைமேல் வைத்தார். வரிசையாக நாலு தடவை ஒரே வாக்கியம், ஒவ்வொன்றும் வேறு வேறு பொறியில் அடித்தது. ஓரத்தில் பென்சிலில் ஒவ்வொரு இடத்தின் பெயர்: தபால் பிரிவு, கணக்கு, நிர்வாகம் ஒன்று, நிர்வாகம் இரண்டு. நிர்வாகம் இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு டிக்.

கையெழுத்தைச் சதாசிவம் பார்த்தார். அந்த 'ர'வின் வாலை அவர் பத்து வருடம் தபால் பதிவேட்டில் பார்த்திருக்கிறார்.

"தேன்மொழி" என்றார்.

"என் அம்மா."

யாழினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தாத்தா, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

இரண்டாவது தாளைக் கதிரேசன் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். வைக்கத் தேவையும் இல்லை. 1986இல் அலுவலகம் காலியான ஒரு மாலையில் அடித்த கடிதம், வரி வரியாகச் சதாசிவத்துக்குத் தெரியும். இறந்துபோன ஓர் அலுவலக உதவியாளரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் போகவேண்டிய கோப்பு. கண்காணிப்பாளர் பணத்துக்காக அதை ஏழு மாதமாக இழுப்பறையில் வைத்திருந்தார். கடிதத்தின் கடைசியில் பெயர் கிடையாது. மொட்டைக் கடுதாசி. ஆனால் அதை வெறும் புலம்பல் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக, கோப்பு வந்த தேதியையும் பதிவேட்டு எண்ணையும் போட்டிருந்தார். அந்தத் தேதியையும் எண்ணையும் உணவு இடைவேளையில் மனசு பொறுக்காமல் அவரிடம் சொன்னது தபால் பிரிவுத் தேன்மொழி.

"பதிவேடு அம்மாகிட்டதான் இருந்துச்சு" என்றார் கதிரேசன். "அதனால அம்மாதான் எழுதினாங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. தற்காலிகப் பணியாளர். விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை, வேலையை விட்டு நீக்கி இன்னொண்ணு. நடுவுல ஒன்பது நாள். அந்த ஒன்பது நாள்லதான் அம்மா ஒவ்வொரு பொறியிலயும் போய் அடிச்சுப் பார்த்திருக்காங்க. குறிப்பாணையோட அந்தக் கடிதத்தோட நகலையும் குடுத்திருந்தாங்க, ஒத்துப் பார்க்க வசதியா."

"என்கிட்டயும் வந்தாங்க" என்றார் சதாசிவம். "'உங்க பொறியில ஒரு வரி அடிச்சுக்கட்டுமா சார்'னு கேட்டாங்க. நகராம நின்னேன். அவங்களே பக்கத்துல வந்து நின்னபடியே அடிச்சாங்க. அடிச்சுட்டுத் தாளைப் பார்த்தாங்க. என்னைப் பார்க்கலை. 'நன்றி சார்'னு போயிட்டாங்க."

"விசாரணையில அந்தத் தாளை அம்மா குடுக்கவே இல்லை."

"தெரியும். குடுத்திருந்தா நான் போயிருப்பேன்."

"ஏன் குடுக்கலைன்னு நானும் கேட்டிருக்கேன். பதில் சொன்னதில்லை. அம்மா போனதுக்கப்புறம் பெட்டியில இந்தத் தாள் கிடைச்சுது. அதுல 'நிர்வாகம் இரண்டு'ன்னுதான் இருக்கு, பேர் இல்லை. நான் பொறிகள் சேர்க்க ஆரம்பிச்சதே இதுக்காகத்தான். ஏலத்துல எங்கே தமிழ்ப் பொறி வந்தாலும் போய் 'வ' அடிச்சுப் பார்ப்பேன். அப்படியே பழக்கமாகி வீடு நிறைஞ்சு போச்சு."

சதாசிவம் பொய் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். தலைமை எழுத்தர் இறந்து எத்தனையோ வருடம், அவர் தலையில் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் ரிப்பனைக் கழற்றியதையும் சாவியை இடுப்பில் வைத்ததையும் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தார்.

"நான்தான் அடிச்சேன்" என்றார். "எனக்கு அப்ப ரெண்டு பிள்ளைங்க, வீட்டுக் கடன். இதெல்லாம் காரணம்னு சொல்லலை. நாளைக்குச் சொல்லிடுவோம், நாளைக்குச் சொல்லிடுவோம்னு இருந்தேன். ஒன்பதாம் நாள் அவங்க பையை எடுத்துக்கிட்டுப் போனாங்க. அப்பவும் டைப் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அந்தக் கோப்பு என்னாச்சு?"

"நகர்ந்துச்சு. கண்காணிப்பாளரை வேற ஊருக்கு மாத்தினாங்க, அவ்வளவுதான். அந்தம்மாவுக்கு ஓய்வூதியம் நிலுவையோட வந்துச்சு."

கதிரேசன் தலையசைத்தார். "அது அம்மாவுக்குத் தெரியும். அந்தம்மா வீட்டுக்கு வந்து அழுதுட்டுப் போனாங்க. அம்மாதான் எழுதினாங்கன்னு நினைச்சு நன்றி சொன்னாங்க. அம்மா மறுக்கலை."

இதற்குச் சதாசிவத்திடம் பதில் இல்லை. யாழினிதான் கேட்டாள், கொஞ்சம் கோபமாகவே: "இப்ப என்ன செய்யணும்னு வந்தீங்க? பொறியை எடுத்துட்டுப் போகவா?"

"பொறி வேணும்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன்மா." கதிரேசன் அவளுக்குச் சொல்வதுபோலச் சதாசிவத்திடம் சொன்னார். "ஆனா அம்மாவை நீக்கின உத்தரவுல 'ஒழுங்கீனம்'னு போட்டிருக்கு. காரணம் அந்த ஒரு சொல்தான். அதுக்கப்புறம் எங்கே வேலைக்குப் போனாலும் அதைக் காட்ட வேண்டி வந்துச்சு. இப்ப மாத்தினா ஒரு பைசா வராது. எனக்கு அந்தச் சொல் போகணும்."

"மாத்துவாங்களா?" என்றாள் யாழினி.

"மனு குடுத்தா ஒரு பதிலாவது போட்டாகணும்" என்றார் சதாசிவம். சட்டென்று அவர் குரல் மாறியிருந்தது, மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவரின் குரல். "உத்தரவு எண்ணும் தேதியும் இருக்கா?"

"இருக்கு."

"மாற்றுப் பெயர், தந்தை பெயர், பணியில சேர்ந்த நாள்?"

"எல்லாம் இருக்கு ஐயா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாழினி, தெருமுனையில இருக்கிற கடையில கார்பன் தாள் கேளு. இன்னும் விக்கிறான்."

"எதுக்கு தாத்தா? என் லேப்டாப்ல அடிச்சு எத்தனை வேணும்னாலும் பிரிண்ட் எடுக்கலாமே."

"அதுல 'வ' நேரா விழும்" என்றார் கதிரேசன்.

அவள் கார்பனோடு திரும்பி வருவதற்குள் சதாசிவம் ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் வரைவு எழுதி, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தார். அனுப்புநர் என்ற இடத்தில் தன் முழுப்பெயர், பதவி: எழுத்தர், ஓய்வு. பொருள் என்ற இடத்தில் தேன்மொழியின் பெயர். கதிரேசன் வரைவைப் படித்துவிட்டு, "மேற்படி கடிதம் என்னால் எழுதப்பட்டது" என்பதை "நான் எழுதினேன்" என்று மாற்றச் சொன்னார். சதாசிவம் மாற்றினார்.

தாள்களை அடுக்கி, இடையே கார்பனை வைத்து, விளிம்பைத் தட்டிச் சீராக்கி உருளைக்குள் ஏற்றினார்.

"எத்தனை நகல் ஐயா?"

"அசலோட மூணு. அசல் ஆபீசுக்கு. ஒண்ணு உங்களுக்கு."

"மூணாவது?"

"கோப்புக்கு" என்று சொல்லிவிட்டு, முதல் புள்ளி விசையைத் தட்டினார்.