மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் மாநாடு: நடந்தது, செலவானது, அடுத்த தடவைக்கு

கமிட்டி அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பிப்ரவரி சனிக்கிழமை நடந்த ஒருநாள் மாநாட்டு ரிப்போர்ட் இது.

பதிவு பண்ணினது 180 பேர், வந்தது 143, அதுல பெண்கள் 31. ரப்பர் தளிர் விட்டு தேன் வடியுற சீசன்ல நாள் குறிச்சா பெட்டிய விட்டுட்டு யாரு வருவா, இது நம்ம தப்புதான்.

செலவு: ஹால் 15,000, சாப்பாடு 22,000, மைக் புரொஜெக்டர் 6,500, பேச வந்தவங்க பயணம் 4,800, பேனர் ஜெராக்ஸ் 3,200, ஆக 51,500. தலைக்கு 300 வச்சு வசூல் 42,900, துண்டு விழுந்த 8,600 சங்க நிதில எடுத்தாச்சு. சாப்பாடு 200 பேருக்கு சொல்லி 57 இலை மிச்சம், அவியல் வாளியோட கெடந்தத பாக்கவே மனசு கேக்கல.

கருத்து படிவம் 68 வந்துச்சு. 41 பேர் எழுதினது ஒரே விஷயம்: சாக்புரூட் நோய் வந்த அடைய கையில குடுத்து, செத்த புழு பை மாதிரி தொங்குறத காட்டினதுதான் உருப்படி. மத்தியானம் கரண்ட் போயி ஸ்லைடு ஓடல, பலரும் திட்டியிருக்காங்க.

அடுத்தது ஆகஸ்ட்ல வைக்கலாம், தோட்டத்துலயே, பேச்சு பாதி பெட்டி பாதி. சாப்பாட்டுக்கு முந்துன நாள் போன் போட்டு தலை எண்ணிக்கை கேட்டுட்டு சொல்லணும், ஜெனரேட்டரும் பேசிரணும்.