வாழ்த்துரை பற்றி அத்தானுக்கு

அன்புள்ள அத்தான்,

மகளின் கலியாண வரவேற்பில், கேக் வெட்டியதும் கிளாசை உயர்த்தி வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நன்றாக யோசித்துவிட்டேன். என்னால் முடியாது, அத்தான். குறை நினைக்காதீர்கள்.

விருப்பம் இல்லாமல் இல்லை. இத்தனை பெரியவர்கள் இருக்க என்னைக் கேட்டது எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சபைக் கூச்சம், அக்காவுக்குத் தெரியும். வீட்டு விறாந்தையில் பத்துப் பேர் இருந்தாலும் கதைப்பேன். எழுந்து நின்று, எல்லாரும் என்னைப் பார்க்க, கையில் மைக்கும் வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவேன். கோயிலில் ஒருமுறை வாசகம் வாசிக்கப் போனபோது முதல் வரியிலேயே தாள் நடுங்கத் தொடங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுத்து கண்முன்னால் இருந்தது, ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. அதுவும் பார்த்து வாசிக்கிற வேலை. உப்புவெளி மண்டபத்தில், வீடியோ லைட்டுக்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் இருக்க எப்படி நிற்பேன்?

இரண்டு வரிதானே, பழகினால் சரிவரும் என்பீர்கள். பழகிப் பார்க்கிற நாள் அது இல்லை. அவளுக்குத் தாலி கட்டுவதைக் கண்நிறையப் பார்க்க வேண்டும். காலைப் பூசையிலிருந்தே இரவுப் பேச்சை நினைத்துப் பயந்துகொண்டிருக்க மனமில்லை.

அவளின் ஞானத்தகப்பனைக் கேளுங்களேன். அவர்தான் முறைக்கும் பொருத்தம். எத்தனை வருசம் வகுப்பில் நின்று படிப்பித்தவர், சுருக்கமாகவும் சொல்வார். நீங்கள் சரி என்றால் இன்றைக்கே நானும் அவரோடு கதைக்கிறேன்.

அவளைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போனால் ஒரு கிணற்றில் மட்டும் குளித்துவிட்டு வரமாட்டாள். ஏழு கிணற்றிலும் வாளி விட்டு அள்ளி, எது கூடச் சுடுகிறது என்று கைவைத்துப் பார்த்து, பின்னால் நிற்கிற சின்னப் பிள்ளைகளுக்குச் சூடு குறைந்த தண்ணீராகப் பார்த்து வார்த்துவிடுவாள். அப்போது அவளுக்கு எட்டோ ஒன்பதோ வயது. அந்தக் குணம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரிய வேண்டும். கடிதமாக எழுதி, கலியாணத்துக்கு முதல்நாள் இரவு இரண்டு பேர் பெயரும் போட்டு அவள் கையில் கொடுப்பேன். அதில் ஏதாவது ஞானத்தகப்பனுக்கு உதவுமென்றால் தாராளமாக எடுத்துச் சொல்லட்டும்.

மற்ற வேலை எதுவானாலும் என்னிடம் விடுங்கள். வருகிறவர்களை வரவேற்க வாசலில் நிற்பேன், சாப்பாட்டுப் பக்கத்தையும் பார்த்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை பலகாரம் சுட விடியவே வந்துவிடுவேன். பயத்தம் உருண்டைக்குப் பயறு இங்கே வறுத்துத் திரித்துக்கொண்டு வருகிறேன், அக்காவைச் சர்க்கரை மட்டும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சாள்
உவர்மலை, திருகோணமலை